60 லிட்டர் தேக்சாவுக்கு ஒரு கேட்டலாக் பக்கம்

கேள்வி: “வணக்கம் அண்ணா. டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் நானும் என் தம்பியும் அலுமினியத் தேக்சா செய்கிறோம். கோயில் சமையலுக்கும் கல்யாண பிரியாணிக்கும் வாங்குகிறார்கள். இப்போது கேட்டலாக் கேட்கிறார்கள். என் அக்கா மகன் ‘உயர்தரமான, நீடித்து உழைக்கும், நவீன சமையலறைக்கு ஏற்ற பாத்திரம்’ என்று எழுதிக் கொடுத்தான். படித்தால் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றுமே சொல்லாத மாதிரியும் இருக்கிறது. எங்கள் பெரிய பாத்திரம் 70 லிட்டர், 3 மி.மீ. தகடு, உள்விட்டம் 50 செ.மீ., உள்உயரம் 36 செ.மீ. மூடியும் கைப்பிடியும் இல்லாமல் 5.4 கிலோ. இதை எப்படி எழுதுவது?”

பதில்:

தம்பி, உங்களுக்குத் தோன்றியது சரி. அக்கா மகன் எழுதிய வரியை அப்படியே எடுத்து ஒரு வாளியின் படத்துக்குக் கீழே போடுங்கள், அதற்கும் பொருந்தும். செருப்புக்குக்கூடப் பொருந்தும். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி உங்கள் தேக்சாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். நான் இருபது வருடம் டர்பனில் தகட்டு வேலைப் பட்டறைகளுக்கு விலைப் பட்டியலும் கேட்டலாக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வழக்கம் ஒன்றுதான். முதலில் அளப்பேன், அப்புறம்தான் எழுதுவேன். நன்மை என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மேலே, அதைத் தாங்குகிற ஓர் அளவு இருக்க வேண்டும். அளவு இல்லாத நன்மையை அடித்துவிடுவேன். உங்கள் பெரிய பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு அதைச் செய்து காட்டுகிறேன். மற்ற அளவுகளுக்கு நீங்களே இதே மாதிரி போட்டுக்கொள்ளலாம்.

கொள்ளளவிலிருந்து தொடங்குவோம். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். 50 செ.மீ. விட்டம், 36 செ.மீ. உயரம் என்றால் கணக்கு இப்படி வரும்: 50 × 50 × 0.7854 × 36. விடை 70,686 கன செ.மீ., அதாவது 70.7 லிட்டர். ஆக நீங்கள் சொன்ன 70 லிட்டர் பொய்யில்லை. ஆனால் அது விளிம்பு தொட நிரப்பினால் வரும் அளவு. விளிம்பு வரை யார் சமைக்கிறார்கள்? கஞ்சி பொங்கும், பருப்பு நுரைக்கும், கரண்டி போட்டுக் கிளறினால் வழியும். விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிறுத்தினால் உயரம் 31 செ.மீ., அளவு சுமார் 60.9 லிட்டர். சமையல்காரருக்கு வேண்டியது இந்த எண்தான்.

இங்கே பல பட்டறைகள் தயங்கும். 70 என்று போட்டால் பெரிதாகத் தெரிகிறது, பக்கத்துப் பட்டறைக்காரரும் அப்படித்தான் போடுகிறார், நாம் 60 என்று போட்டால் சின்னப் பாத்திரம் என்று நினைப்பார்களே என்று. இரண்டையும் போடுங்கள், பெயரோடு போடுங்கள்: “சமைக்கும் அளவு 60 லிட்டர், விளிம்பு வரை 70 லிட்டர்.” பக்கத்துப் பட்டறையின் 70ஐப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறவர், அந்த 70 எது என்று அவரிடம் போய்க் கேட்பார். பாத்திரத்தின் பெயராகவும் 60ஐயே வையுங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கோயிலில், 70 லிட்டர் என்று நம்பி மாவு கரைத்தவர்கள் பாதியில் இன்னொரு பாத்திரம் தேடி ஓடக்கூடாது.

எண்ணைக் கணக்கில் மட்டும் நம்பாதீர்கள், தண்ணீர் ஊற்றியும் பாருங்கள். அளவு குறித்த 10 லிட்டர் வாளியால் ஊற்றிக்கொண்டே போனால், அடி முனை வளைந்திருப்பதால் குறைகிற அளவும் தெரிந்துவிடும். கையால் வடிக்கும் வேலையில் உயரம் 5 மி.மீ. ஏறி இறங்கும். உங்கள் விட்டத்துக்கு அந்த 5 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அதனால் “அளவுகள் 5 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்” என்று ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். அதை அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடாமல் அளவுகளோடு சேர்த்தே போடுங்கள்.

அடுத்தது தகட்டின் கனம். இதில்தான் உங்கள் கேட்டலாக் தவறிப்போக இருந்தது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

3 மி.மீ. தகடு என்கிறீர்கள், எடை 5.4 கிலோ என்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அலுமினியம் ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். பாத்திரம் முழுவதும் 3 மி.மீ. இருந்தால் அடிப்பகுதி சுமார் 1.6 கிலோ, சுற்றுச்சுவர் சுமார் 4.6 கிலோ, மொத்தம் 6.2 கிலோ வர வேண்டும். உங்களுடையது 5.4 கிலோதான். 800 கிராம் எங்கே போனது? யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் தகட்டை வட்டமாக வெட்டி, லேத்தில் சுழற்றி, உருளையால் அழுத்தி அச்சின் மேல் வடிக்கிறீர்கள். அப்படி அழுத்தும்போது சுவர் இழுபட்டு மெலியும். அடிப்பகுதி இழுபடுவதில்லை, அது 3 மி.மீ. ஆகவே நிற்கும். அடியின் 1.6 கிலோவைக் கழித்தால் சுவருக்கு மிஞ்சுவது 3.8 கிலோ. அந்த எடைக்குச் சுவரின் சராசரி கனம் சுமார் 2.5 மி.மீ. தான்.

ஆக “3 மி.மீ. கனமான பாத்திரம்” என்று அச்சடித்தால், விளிம்புக்குக் கீழே ஒருவர் அளந்து பார்த்த அன்று நீங்கள் பொய்க்காரர் ஆகிவிடுவீர்கள். வேணுமென்று சொன்ன பொய் இல்லை என்றாலும் வாங்கினவருக்கு அது பொய்தான். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவும் பொருளைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும்படி சொல்வதைத் தடை செய்கிறது. பாதி உண்மையைச் சொல்லி மீதியை விடுவதும், வாங்குகிறவர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தும் திருத்தாமல் இருப்பதும் அதில் அடங்கும்.

சரி, என்ன எழுதலாம்? “3 மி.மீ. தகட்டிலிருந்து வடித்தது. அடிப்பகுதி 3 மி.மீ. சுவர் எந்த இடத்திலும் இத்தனை மி.மீ.க்குக் குறையாது.” அந்த ‘இத்தனை’யைக் கண்டுபிடிக்க ஒரு பாத்திரத்தை அறுக்க வேண்டும். விளிம்பு மடங்கிப்போனது, கீறல் விழுந்தது என்று ஒதுக்கிவைத்தது ஒன்றாவது பட்டறையில் இருக்கும். அதை மேலிருந்து கீழாக அறுத்து, 5 செ.மீ.க்கு ஓர் இடம் என்று வெர்னியரில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். முழுப் பாத்திரத்தில் வெர்னியரின் தாடை நடுச்சுவரை எட்டாது, விளிம்போரம் மட்டும்தான் கிடைக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடி முனை வளைந்து சுவராகத் திரும்புகிற இடத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள், மெலிவு பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். மிக மெலிந்த இடம் 2.3 மி.மீ. என்று வந்தால் “2.2 மி.மீ.க்குக் குறையாது” என்று எழுதுங்கள். ஒரே ஒரு பாத்திரத்தை அறுத்த அளவு அது, அடுத்தது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இப்படி எழுதினால் விற்பனை குறையாது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். பாத்திரம் அடிப்பிடிப்பது அடுப்பின் மேல் உட்காரும் அடிப்பகுதியில்தான். அங்கே 3 மி.மீ. இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்வதே உங்களுக்குப் பலம்.

நன்மை என்ற பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். அக்கா மகன் அடுத்த வரியில் “உணவு அடிப்பிடிக்காது” என்று எழுதியிருப்பான் என்று நினைக்கிறேன், எல்லாரும் எழுதுவார்கள். அதை எழுதாதீர்கள். அலுமினியம் எவர்சில்வரைவிடப் 10 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கேஸ் அடுப்பின் சுடர் படுகிற வளையத்தில் மட்டும் சூடு குவியாமல் அடி முழுவதும் பரவும். அதனால் அடிப்பிடிப்பது குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. கிளறாமல் விட்ட பருப்பு எந்தப் பாத்திரத்திலும் பிடிக்கும். “3 மி.மீ. அலுமினிய அடி சூட்டைப் பரவலாக்கும். ஒரே இடத்தில் கருகுவது குறையும். கெட்டியான கஞ்சியையும் பருப்பையும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.” இதில் முதல் வரி அளவு, இரண்டாவது அதனால் வரும் பலன், மூன்றாவது அந்தப் பலனின் எல்லை. எல்லையைச் சொன்னதும் சமையல்காரர்கள் முதல் இரண்டு வரியையும் நம்புவார்கள். சொன்னவருக்குச் சமையல் தெரிந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரியும்.

“நீடித்து உழைக்கும்” என்பதற்குப் பதில் என்ன? உழைக்கும் பாத்திரம் முதலில் விடுவது கைப்பிடியில்தான், அதனால் நீடிப்பைக் கைப்பிடியில் காட்டுங்கள். ஒரு கைப்பிடிக்கு எத்தனை ரிவிட், எந்த உலோகம், ரிவிட் சமைக்கும் அளவுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எழுதுங்கள். கீழே இருந்தால் அந்த ஓட்டை வழியே கசியலாம். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி, வெளிப்பக்கம் துடைத்துக் காய்ந்த துணியை ரிவிட்டின் மேல் அழுத்திப் பாருங்கள். பாரத்துக்கு உலர்ந்த மணல் நல்லது. உங்கள் பாத்திரம் நிறைய மணல் போட்டால் ஏறக்குறைய 110 கிலோ இருக்கும். அதே பாத்திரம் விளிம்பு வரை தண்ணீரோடு 77 கிலோ. மணலோடு இரண்டு கைப்பிடியிலும் சங்கிலி கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். இறக்கியபின் ரிவிட் தலையைச் சுற்றித் தகடு உப்பியிருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். தேறிவிட்டால் கேட்டலாகில் “கைப்பிடி 110 கிலோ பாரத்தில் சோதித்தது” என்று நிமிர்ந்து எழுதலாம். எல்லாப் பாத்திரத்தையும் சோதிக்காமல் ஒன்றைத்தான் சோதித்தீர்கள் என்றால் “இந்த வடிவம் சோதிக்கப்பட்டது” என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் வித்தியாசம் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

சோதித்த பாரம் வேறு, மனிதர்கள் தூக்கக்கூடிய பாரம் வேறு. மூடி 1.2 கிலோ, இரண்டு கைப்பிடி அரைக் கிலோ என்று வைத்தால் வெறும் பாத்திரம் 7.1 கிலோ. 60 லிட்டர் கஞ்சியோடு அது 67 கிலோவைத் தாண்டும். கொதிக்கிற 67 கிலோவை இரண்டு பேர் இரண்டு கைப்பிடியில் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். “நிறைந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்காதீர்கள், முகந்து குறைத்தபின் நகர்த்துங்கள்” என்ற வரி விற்பனையைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோயிலில் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது என் அனுபவம் ஒன்று. நான் முன்பு எழுதிக்கொடுத்த ஒரு பட்டறை, பெயர் வேண்டாம், “விட்டம் 50 செ.மீ.” என்று மட்டும் அச்சடித்தது. அந்த வரியை எழுதியது நான். ஒரு கோயில் சமையல் குழு ஆறு பாத்திரம் வாங்கியது. அவர்களிடம் 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரி இருந்தது, 50 தாராளமாக நுழையும் என்று நம்பினார்கள். ஆனால் நான் எழுதியது உள்விட்டம். சுவரும் இரண்டு பக்கக் கைப்பிடியும் சேர்ந்தால் அகலம் 64 செ.மீ. ஆறும் தாழ்வாரத்தில் கிடந்தன. குழுவில் இருந்த ஓர் அம்மா எனக்கே போன் செய்து, கோபமே இல்லாமல், “தம்பி, நீங்கள் அளந்தது சாமானை, நாங்கள் அளந்தது இடத்தை” என்றார். அன்றிலிருந்து மூன்று அளவு இல்லாமல் நான் எந்தப் பாத்திரத்தையும் எழுதியதில்லை: உள்விட்டம், கைப்பிடியோடு முழு அகலம், மூடியோடு முழு உயரம். உங்களுடையதில் கைப்பிடி ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பக்கி வண்டியில் எத்தனை அடுக்கலாம், கதவில் நுழையுமா என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

எத்தனை பேருக்குப் போதும் என்பதையும் கேட்பார்கள். கூழுக்கும் கஞ்சிக்கும் சுலபம்: 250 மில்லி கப் என்றால் 60 லிட்டரில் 240 கப். கப்பின் அளவைச் சொல்லாமல் “240 பேருக்கு” என்று மட்டும் போடாதீர்கள், ஒருவர் இரண்டு கப் குடிப்பார். பிரியாணிக்குக் கணக்கு வராது. நம் ஊர்ப் பிரியாணியில் அரிசியோடு மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்கிறது, ஒவ்வொரு சமையல்காரருக்கும் விகிதம் வேறு. உங்களிடம் வாங்கின ஒரு நல்ல சமையல்காரரிடம் போய், அவர் இந்தப் பாத்திரத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோ அரிசி போடுகிறார், தம் போட்டபின் விளிம்புக்கு எத்தனை விரல் இடம் மிஞ்சுகிறது என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த அரிசிக் கணக்கை “ஒரு சமையலில் பார்த்தது” என்று போடலாம். ஆள் கணக்கைப் பார்க்கிறவர் போட்டுக்கொள்வார்.

உலோகத்தைப் பற்றி. “உணவுக்கு ஏற்ற அலுமினியம்” என்று எழுத ஆசை வரும். யார் சொன்னது என்று ஒருவர் கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். தகடு விற்பவரிடம் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள், அதில் அலாய் எண்ணும் கலவையும் இருக்கும். அந்த எண்ணை அப்படியே கேட்டலாகில் போடுங்கள், சான்றிதழைக் கோப்பில் வையுங்கள், ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனியாக வையுங்கள். இதைக் கட்டாயம் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. பழைய சாமான்களை உருக்கி வார்க்கும் அலுமினியப் பாத்திரங்களில் ஈயம் இருப்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் இப்போது கேட்கிறார்கள். நீங்கள் உருக்கி வார்ப்பதில்லை, ஆலையில் உருட்டிய புதுத் தகட்டில் வடிக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதாரண விஷயமாக இருப்பதால் சொல்ல மறந்துவிட்டீர்கள். வாங்குகிறவருக்கு அதுதான் பெரிய விஷயம், மேலேயே போடுங்கள்.

அலுமினியத்தால் முடியாததையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. புளி, தக்காளி சேர்ந்த குழம்பைச் சமைக்கலாம், இரவு முழுவதும் அதிலேயே வைக்கக்கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஓவன் கிளீனரும் காஸ்டிக் சோடாவும் படவே கூடாது. வெறும் தண்ணீர் கொதித்தால் உள்ளே கருப்பாகும், அது கெடுதல் இல்லை, எலுமிச்சைத் தோலோ கொஞ்சம் வினிகரோ போட்டுக் கொதிக்கவைத்தால் வெளுக்கும். இந்தக் கடைசி வரியைப் போடாத பட்டறைகளுக்கு வாரம் ஒரு போன் வரும், “பாத்திரம் கறுத்துப்போச்சு, பணத்தைக் கொடு” என்று.

உத்தரவாதத்தில் “வாழ்நாள் முழுவதும்” வேண்டாம். சட்டம் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறது: பொருள் தரமாக இல்லை, பழுதுள்ளது என்றால், கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வாங்கியவர் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது அவர். திருப்பி வரும் செலவும் உங்களுடையது. ஆகவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சடிப்பதில் பயனில்லை. உங்களால் அதற்கு மேல் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள், உதாரணமாக “கைப்பிடி ரிவிட் தளர்ந்தால் 2 வருடம் வரை பட்டறையில் இலவசமாக மாற்றித் தருகிறோம்”. செய்ய முடியாது என்றால் அதையும் எழுத வேண்டாம். விலையைத் தனித் தாளில் வையுங்கள், தகடு விலை மாறும்போதெல்லாம் கேட்டலாகை மாற்ற முடியாது. வாட் வரி சேர்த்த விலை என்பதைத் தெளிவாகப் போடுங்கள்.

மொழி பற்றி ஒன்று. அச்சில் போவது ஆங்கிலம்தான் என்று தெரியும், சில கோயில்களுக்கு மட்டும் தமிழ். ஆனாலும் முதலில் தமிழில் எழுதுங்கள், வீட்டில் அம்மாவிடம் பாத்திரத்தைக் காட்டிப் பேசுகிற மாதிரி. “நவீன சமையலறைக்கு ஏற்றது” என்று யாரும் அம்மாவிடம் பேசமாட்டார்கள், அது தானாக விழுந்துவிடும். மிச்சம் நிற்பதை மட்டும் ஆங்கிலத்தில் போடுங்கள். சட்டத்தின் 22ஆம் பிரிவு கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான். சாதாரணப் படிப்புள்ளவரும், அந்தப் பொருளில் அதிகப் பழக்கம் இல்லாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய மொழி வேண்டும் என்கிறது. இன்னொரு சின்ன விஷயம்: இந்த நாட்டில் அதிகாரப்பூர்வமாகத் தசமத்துக்குக் காற்புள்ளி, 2,5 என்று. கடைகளில் புள்ளியும் ஓடுகிறது. எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் அதையே போடுங்கள்.

எல்லாம் சேர்த்து உங்கள் பக்கம் இப்படி வரும். கோடு போட்டு விட்ட இடங்களை அளந்து நிரப்புங்கள்.

> அலுமினியத் தேக்சா, 60 லிட்டர், மூடியுடன்
>
> கோயில், கல்யாணச் சமையலுக்கு. ஆலையில் உருட்டிய புது அலுமினியத் தகட்டில் (அலாய் எண் ____) ஃபீனிக்ஸில் வடித்தது.
>
> சமைக்கும் அளவு 60 லிட்டர், விளிம்புக்கு 5 செ.மீ. கீழே. விளிம்பு வரை 70 லிட்டர். 250 மில்லி கப்பில் 240 கப் கஞ்சி.
>
> உள்விட்டம் 50 செ.மீ. உள்உயரம் 36 செ.மீ. கைப்பிடியோடு அகலம் ____ செ.மீ. மூடியோடு உயரம் ____ செ.மீ. அளவுகள் 5 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்.
>
> அடி 3 மி.மீ. சுவர் ____ மி.மீ.க்குக் குறையாது. மூடியோடு எடை ____ கிலோ.
>
> 3 மி.மீ. அடி சூட்டைப் பரவலாக்கும், ஒரே இடத்தில் கருகுவது குறையும். கெட்டியான கஞ்சியையும் பருப்பையும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.
>
> இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றுக்கும் ____ ரிவிட். இந்த வடிவம் 110 கிலோ பாரத்தில் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு பாத்திரமும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கப்படுகிறது. நிறைந்த பாத்திரம் 67 கிலோவுக்கு மேல்: அடுப்பிலிருந்து தூக்காதீர்கள், முகந்து குறைத்தபின் நகர்த்துங்கள்.
>
> கேஸ், விறகு அடுப்புக்கு. இன்டக்‌ஷனுக்கு ஆகாது. புளிப்பான உணவை இரவு முழுவதும் வைக்க வேண்டாம். காஸ்டிக் சோடா, ஓவன் கிளீனர் படக்கூடாது. உள்ளே கறுத்தால் எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவிடவும்.

படத்துக்குப் பளபளப்பான வெள்ளைப் பின்னணி வேண்டாம். ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும், அல்லது 10 லிட்டர் வாளி ஒன்று இருக்கட்டும், அளவு கண்ணில் தெரியும். கைப்பிடியின் ரிவிட் தெரிகிற மாதிரி கிட்டத்தில் இன்னொரு படம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், உங்கள் அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ, தாளைக் கொடுத்து நான்கு கேள்வி கேளுங்கள்: இது உங்கள் அடுப்பில் வைக்கலாமா? உங்கள் அலமாரியில் நுழையுமா? எத்தனை கப் வரும்? நிறைந்தபின் நீங்கள் தூக்கலாமா? உங்களைப் பார்த்துக் கேட்காமல் தாளைப் பார்த்தே நான்குக்கும் பதில் சொன்னால் அச்சுக்கு அனுப்புங்கள். எந்தக் கேள்விக்கு உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம் பக்கத்தின் மூலையில் மாதமும் வருடமும் போட மறக்காதீர்கள். இந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அடுத்த வருடம் நீங்கள் பாத்திரம் வடிக்கும் அச்சை மாற்றி அளவு மாறியபின்னும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.